தனி ரெக்கார்டரும் கேமராவும்: ஆரம்பத்தில் ஒரு தட்டு போதாது

மெயின் போர்டு மாற்றி ரெக்கார்டர் சர்வீஸிலிருந்து திரும்பி வந்திருக்கிறது. அதே நேரத்தில், முழு நீள உரைகளைப் படமெடுக்க இதே போலத் தனி ரெக்கார்டர் வாங்கி, அதன் ஒலியைக் கேமராப் படத்தோடு பொருத்த நினைக்கும் நண்பர் ஒருவர், "கை தட்டி சிங்க் பண்றதை நம்பலாமா, வேவ்ஃபார்ம் மேட்ச்சிங்கை நம்பலாமா?" என்று கேட்டிருந்தார். போர்டு மாறியதால் எனக்கு வந்த புதுத் தலைவலிக்கும் அவருடைய கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

ஒலித்தரத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பேசுபவரின் சட்டையில் மைக்கைக் குத்தி, ரெக்கார்டரை அவர் பையிலேயே போட்டுவிட்டால், கூடத்தின் கடைசியில் நிற்கும் கேமரா மைக் கனவிலும் தராத குரல் கிடைக்கிறது. மூச்சு இழுப்பது கேட்கும், தாளைப் புரட்டுவது கேட்கும். அந்த விஷயத்தில் இந்தக் கருவி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் சண்டையெல்லாம் அந்தக் குரலைப் படத்தோடு பொருத்துவதில்தான்.

முதலில் தட்டு. கிளாப் போர்டு இல்லாவிட்டால் வெறும் கையே போதும். 25 பிரேம் வீடியோவில் ஒரு பிரேம் 40 மில்லி விநாடி. டைம்லைனில் பிரேம் பிரேமாக நகர்த்தினால் ஒன்றில் கைகள் மங்கலாக நெருங்கிக்கொண்டிருக்கும், அடுத்ததில் சேர்ந்திருக்கும். கை சேர்ந்து தெரியும் முதல் பிரேமுக்கு நேராக, ஒலியில் செங்குத்தாக எழும் முள்ளை வைக்க வேண்டும். உண்மையான தட்டு அந்த இரண்டு பிரேம்களுக்கு நடுவே எங்காவது நடந்திருக்கும். ஆகவே ஒரு பிரேம் வரை சந்தேகம் மிஞ்சும். பேச்சுக்கு அது பரவாயில்லை. ஆனால் தட்டுகிறவர் பேசுபவரின் பக்கத்திலேயே நின்று, கேமராவுக்குக் கை தெரியும்படி தட்ட வேண்டும். கேமராவுக்குப் பக்கத்தில் நின்று தட்டினால் அந்த ஒலி தூரத்தில் இருக்கும் ரெக்கார்டருக்குத் தாமதமாகப் போய்ச் சேரும், பொருத்தமும் அந்த அளவுக்குப் பிசகும்.

அடுத்தது வேவ்ஃபார்ம். இது எனக்கு எதிர்பாராத சந்தோஷம் தந்தது என்றே சொல்வேன். கேமரா மைக்கில் எதிரொலியும் இரைச்சலும் நிறைந்த குரல், ரெக்கார்டரில் சுத்தமான குரல். காதுக்கு இரண்டும் வேறு வேறு உலகம். ஆனாலும் DaVinci Resolve என்ற எடிட்டிங் மென்பொருளில் இரண்டு கோப்புகளையும் தேர்ந்தெடுத்து, Auto Sync Audio-வில் அலைவடிவத்தை வைத்துப் பொருத்தச் சொன்னால் பெரும்பாலும் சரியான இடத்தில் உட்கார வைத்துவிடுகிறது. ஓர் ஒலியை இன்னொன்றின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஏற்ற இறக்கங்கள் எங்கே மிக நன்றாக ஒத்துப்போகின்றன என்று பார்ப்பதுதான் அதன் வேலை. பேச்சில் ஒவ்வொரு சொல்லும் வேறு வடிவம் என்பதால் குழப்பம் இல்லை. ஒரே தாளம் திரும்பத் திரும்ப வரும் இசையில் ஒரு சுற்று தள்ளிப் பொருத்திவிட வாய்ப்பு உண்டு. அங்கே தட்டுதான் காப்பாற்றும்.

நண்பர் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வேவ்ஃபார்ம் மேட்ச்சிங் ஒலியை ஒலியோடு பொருத்துகிறது, படத்தைப் பார்ப்பதே இல்லை. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடும். கேமரா 20 மீட்டர் தள்ளி இருந்தால் அதன் மைக்குக்குக் குரல் 58 மில்லி விநாடி தாமதமாக வருகிறது, அதாவது ஏறக்குறைய ஒன்றரை பிரேம். பேசுபவரின் சட்டை மைக்குக்கு அந்தத் தாமதம் கிடையாது. மென்பொருள் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைக்கும்போது சட்டை மைக் ஒலியும் அதே 58 மில்லி விநாடி பின்னால் போய்விடுகிறது. ஜூம் செய்து முகத்தை அருகில் காட்டும் காட்சியில் உதடு பிரிந்து முடிந்த பிறகு "ப" கேட்பது போல ஒரு சின்ன உறுத்தல் வரும். மென்பொருள் பொருத்தி முடித்ததும் ஒலியை ஒரு பிரேம் முன்னால் தள்ளி, தட்டும் பிரேமோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தீர்ந்தது. இந்தப் பிழை ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே அளவில் இருக்கும். அதனால்தான் இது சாதுவான பிழை.

சாது இல்லாத பிழை வேறொன்று. நீண்ட உரையில் ஆரம்பம் அச்சு மாறாமல் பொருந்தியிருக்கும், முடிவில் உதடு ஓரிடம், குரல் ஓரிடம். காரணம், கேமராவுக்குள்ளும் ரெக்கார்டருக்குள்ளும் தனித்தனி படிகக் கடிகாரங்கள். ஒரே நேரத்தில் சரிசெய்து மாட்டிய இரண்டு சுவர்க் கடிகாரங்கள் மாதக் கடைசியில் வேறு வேறு நேரம் காட்டுவது போலத்தான். ரெக்கார்டர் ஒலியை விநாடிக்கு 48,000 முறை அளந்து மாதிரி எடுப்பதாகச் சொல்கிறது. அந்த விநாடி எவ்வளவு நீளம் என்பதைத் தீர்மானிப்பது அதன் சொந்தப் படிகம். சாதாரணப் படிகத்தில் பத்து லட்சத்துக்குச் சில பத்துகள் என்ற அளவில் விலகல் சகஜம். ஐந்து நிமிடப் பேட்டியில் இது தெரியவே தெரியாது, ஒன்றரை மணி நேர உரையில் தெரியும்.

போர்டு மாற்றுவதற்கு முன் எடுத்த ஓர் உரையைச் சொல்கிறேன். தொடக்கத்தில் ஒரு தட்டு, முடிவில் ஒரு தட்டு. கேமரா கோப்பில் இரண்டுக்கும் இடையே 5300 விநாடி, ரெக்கார்டர் கோப்பில் 5300.212 விநாடி. வித்தியாசம் 0.212 விநாடி, ஐந்து பிரேமுக்கு மேல். 5300-ஆல் வகுத்தால் பத்து லட்சத்துக்கு 40. ரெக்கார்டர் கடிகாரம் வேகமாக ஓடி அதிக மாதிரிகளை எழுதியிருக்கிறது, அதனால் திரும்ப ஓட்டும்போது ஒலி பின்தங்குகிறது. இந்தக் கணக்கில் 1000 விநாடிக்கு ஒரு பிரேம், அதாவது 16 நிமிடம் 40 விநாடிக்கு ஒன்று.

இதைத் திருத்த இரண்டு வழி உண்டு. ஒன்று, கால் மணிக்கொரு முறை பேச்சின் இடைவெளியில் ஒலியை வெட்டி ஒரு பிரேம் முன்னால் இழுப்பது. இன்னொன்று, முழு ஒலியையும் மிகக் கொஞ்சம் வேகப்படுத்துவது. எடிட்டிங் மென்பொருளின் வேகப் பெட்டியில் இரண்டு தசம இடங்கள் மட்டும் இருந்தால் 100.004 சதவீதம் என்று போடவே முடியாது. அங்கே கட்டளை தட்டி இயக்கும் ffmpeg மென்பொருள் கை கொடுக்கிறது:

```
ffmpeg -i rec.wav -af "asetrate=48002,aresample=48000" -c:a pcm_s24le rec_fix.wav
```

48,000-ஐ 1.00004-ஆல் பெருக்கினால் 48,001.92. முழு எண்ணாக 48002 போட்டால் முடிவில் மிஞ்சும் பிழை 9 மில்லி விநாடிதான். சுருதியில் வரும் மாற்றம் எந்தக் காதுக்கும் எட்டாது. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு நிம்மதியாக வேலை செய்துவந்தேன்.

அந்த நிம்மதிதான் போர்டோடு போய்விட்டது. புதுப் போர்டில் புதுப் படிகம். அடுத்து எடுத்த உரையில் இரண்டு தட்டுக்கும் நடுவே கேமராவில் 4200 விநாடி, ரெக்கார்டரில் 4199.912. இப்போது கடிகாரம் மெதுவாக ஓடுகிறது, பத்து லட்சத்துக்கு 21. எண்ணை மட்டும் பார்த்தால் பாதியாகக் குறைந்திருக்கிறது. சர்வீஸில் கேட்டபோதும் "அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கு, கோளாறு எதுவும் இல்லை" என்றார்கள். அவர்கள் சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் திசை மாறிவிட்டதே! முன்பு ஒலி பின்தங்கியது, இப்போது முந்துகிறது.

மனிதக் காதுக்கு இரண்டும் ஒன்றல்ல. தூரத்தில் நடப்பதன் ஒலி தாமதமாக வருவது நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். உதடு அசைவதற்கு முன்பே சொல் கேட்பது இயற்கையில் எங்கும் கிடையாது. ஒளிபரப்புக்கான ITU-R BT.1359 பரிந்துரையும் இதைத்தான் காட்டுகிறது: ஒலி சுமார் 125 மில்லி விநாடி பின்தங்கினால்தான் பார்ப்பவருக்குப் புலப்படத் தொடங்கும், முந்தினால் 45-லேயே தெரிந்துவிடும். என் புது ரெக்கார்டரில் 70 நிமிட உரையின் முடிவில் ஒலி 88 மில்லி விநாடி முந்துகிறது. ஏறக்குறைய பாதி வழியிலேயே உறுத்த ஆரம்பிக்கிறது. இப்போது asetrate-இல் 47999 போடுகிறேன். இதையும் நிரந்தரம் என்று நம்ப முடியாது, வெப்பநிலை மாறினால் படிகத்தின் வேகமும் கொஞ்சம் மாறும். ஒவ்வொரு முறையும் இரண்டு தட்டும் அடித்து அளந்து பார்ப்பதே நல்லது.

இத்தனை முக்கியமான இந்த எண் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை என்பதுதான் எனக்குத் தீராத கோபம். மைக்கின் இரைச்சல் அளவு இருக்கிறது, பேட்டரி எத்தனை மணி நேரம் வரும் என்பது இருக்கிறது, கடிகாரத் துல்லியம் மட்டும் இல்லை. தனியாக ஒலி எடுக்கவென்றே விற்கிற கருவியில் இது இருக்க வேண்டாமா?

வேவ்ஃபார்ம் மேட்ச்சிங்கும் இந்த நோய்க்கு மருந்தில்லை. அது முழுக் கோப்புக்கும் ஒரே ஒரு இடப்பெயர்ச்சியைத்தான் கண்டுபிடிக்கிறது. நடுப்பகுதி நன்றாக ஒத்துப்போய், தொடக்கத்தில் ஒரு பக்கமும் முடிவில் மறுபக்கமும் விலகி நிற்பதும் உண்டு. பிழை சீராக வளர்ந்தால் கடிகாரம். கொஞ்ச நேரம் சரியாகவும் கொஞ்ச நேரம் தப்பாகவும் முன்னும் பின்னும் ஆடினால், வீடியோ கைபேசியில் மாறும் பிரேம் வேகத்தில் எடுத்ததா என்று பாருங்கள். அதற்கு மேலே உள்ள கட்டளை உதவாது, வீடியோவை முதலில் நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்றியாக வேண்டும்.

சரி, நண்பருக்கு என்ன சொல்வது? குறும்படம், பேட்டி, ஐந்து பத்து நிமிடத் துண்டுகள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு தனி ரெக்கார்டர் வாங்கலாம். வேவ்ஃபார்மில் பொருத்திவிட்டு தட்டை வைத்துச் சரிபார்த்தால் போதும். அவர் எடுக்கப் போவதோ முழு நீள உரைகள், அதுவும் ஒரே மூச்சில். அதற்கு இதை வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன், மேலே இவ்வளவு பாராட்டிய பிறகும். ஒரு வயர்லெஸ் மைக் வாங்கி, ரிசீவரின் வெளியீட்டைக் கேமராவின் மைக் துளையிலேயே செருகட்டும். ஒலியும் படமும் ஒரே கடிகாரத்தில் பதிவாகும், பொருத்தும் வேலையே இருக்காது. குரலின் சுத்தம் கொஞ்சம் குறையலாம், அலைவரிசை இரைச்சலும் எப்போதாவது வரலாம். ஒவ்வொரு உரைக்குப் பிறகும் கணக்குப் போட்டு உட்கார்ந்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இல்லை, ரெக்கார்டர்தான் வேண்டும் என்றால், வாங்கும் முன் யாரிடமாவது அதே மாடலை இரவல் வாங்கி, தன் கேமராவோடு ஒரு மணி நேரம் ஓட விட்டு, இரண்டு முனையிலும் தட்டிப் பார்க்கட்டும். வித்தியாசம் ஒரு பிரேமுக்குள் இருந்தால் தைரியமாக எடுக்கலாம். ஆனால் ஒரு மாடலுக்குள்ளேயே கருவிக்குக் கருவி படிகம் வேறுபடும். புதுசாக வாங்கிய கருவி கைக்கு வந்த அன்றே இன்னொரு முறை தட்டிப் பார்த்துவிட வேண்டும்.