பெயரைத் திருத்துவதா, எண்ணையே எடுத்துவிடுவதா?

சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் முனையில் நாசி லெமாக் பொட்டலம் விற்கும் அக்காவுக்கு, போன மாதம் ஒரு டெலிவரி தம்பி போன் போட்டு, "மூணாம் லயம் சரசுன்னு காட்டுதே, நீங்கதானா?" என்று கேட்டார். லயத்தை விட்டு வந்து பத்து வருஷம் ஆகிறது. அழைப்பவர் பெயரைக் காட்டும் ஏதோ ஒரு செயலியில், யாரோ எப்போதோ வைத்த பெயர் அது.

உடனே வந்த யோசனை, புது சிம் வாங்குவது. அதை நான் முதலிலேயே தள்ளிவிட்டேன். வாடிக்கையாளர்கள் கையில் இருப்பது பழைய எண், அதோடு நம்ம ஊரில் கைவிட்ட எண்கள் மறுபடி விற்பனைக்கு வரும், முன்னாள் சொந்தக்காரர் பெயர் உங்கள் தலையில் விழலாம்.

மீதி இரண்டு வழிதான். ட்ரூகாலரை எடுத்துக்கொண்டால், அதில் நாமே கணக்கு திறந்து சரியான பெயரைப் போடலாம். வியாபாரம் செய்பவருக்கு இது மோசமில்லை, "சரசு நாசி லெமாக்" என்று வந்தால் ஆள் போனை எடுப்பார். ஆனால் தெரியாதவர் கண்ணிலிருந்து மறைய வேண்டும் என்றால் இது பயன்படாது, பெயர் இன்னும் சுத்தமாகத் தெரியும், அவ்வளவுதான்.

அக்காவுக்கு வேண்டியது மறைவது. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்: செயலியைப் போனிலிருந்து அழித்தால் கணக்கு போய்விடாது, கணக்கை முடக்கினாலும் எண் பட்டியலிலிருந்து தானாகப் போய்விடாது. முதலில் செயலியின் அமைப்புகளுக்குள் போய்க் கணக்கை முடக்க வேண்டும், அப்புறம் truecaller.com/unlisting பக்கத்தில் எண்ணைக் கொடுக்க வேண்டும். அக்காவிடம் கணக்கே இல்லை, அதனால் நேராக இரண்டாவது படிக்கே போனோம். முதல் தடவை +60 போட்டுவிட்டு 012 என்று பூஜ்ஜியத்தோடு அடித்துவிட்டார். அந்தப் பூஜ்ஜியம் கூடாது, +6012 என்றுதான் தொடங்க வேண்டும். விண்ணப்பித்தபின் ஒரு நாள் பொறுக்க வேண்டும்.

சரி, போனதா என்று எப்படிப் பார்ப்பது? அக்கா எண்ணைச் சேமிக்காத, அவரை ஒருமுறைகூட அழைக்காத ஒருவரின் போனில் தேடச் சொன்னேன். என் போனில் தேடிப் பயனில்லை, அதில் நான் சேமித்த பெயர்தானே வரும்!

ஒன்றில் எடுத்தால் எல்லாவற்றிலும் போகாது. கெட்கான்டாக்ட் போன்றவை மற்றவர்கள் தங்கள் போனில் நம்மை எப்படிச் சேமித்திருக்கிறார்களோ அந்தப் பெயர்களையே காட்டுபவை, அங்கே எண் உங்களுடையது என்று உறுதிப்படுத்தித் தனியாக மறைக்க வேண்டும். பின்னாளில் ஏதோ ஆசையில் ட்ரூகாலரில் மறுபடி கணக்கு திறந்தால் எண்ணும் திரும்பப் பட்டியலுக்கு வந்துவிடும், அதை மட்டும் அக்கா மகனிடம் இரண்டு முறை சொல்லிவிட்டு வந்தேன், அம்மா போனை நோண்டுகிறவன் அவன்தான்.