நான்கு தலைப்புகளில் திட்ட நிலை அறிக்கை: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

திட்ட நிலை அறிக்கையை முன்னேற்றம், செலவான நிதி, முக்கிய இடர்கள், எடுக்கப்பட வேண்டிய முடிவுகள் என்ற நான்கு தலைப்புகளில் ஒரே பக்கமாகச் சுருக்கி, வழிகாட்டுக் குழுவுக்கு அனுப்பும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். வேறு வடிவங்களையும் பார்த்திருக்கிறேன். இதை நான் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம், முதல் இரண்டு தலைப்புகளும் அருகருகே நிற்பதுதான். பணியையும் பணத்தையும் தனித்தனிப் பக்கங்களில் படிக்கும்போது கண்ணில் படாத இடைவெளி, ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதியதும் தெரிந்துவிடுகிறது. ஆனால் அறிக்கையின் வாக்கியங்களை வெட்டி ஒட்டினால் இந்தப் பயன் கிடைக்காது. இரண்டு எண்களையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர வேண்டும். உழைப்பு முழுவதும் அதற்குத்தான் போகிறது.

எப்படி என்று காட்ட ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். பழைய பதிவேடுகளைப் புதிய கணினி அமைப்புக்கு மாற்றும் பத்து மாதத் திட்டம். ஆறாம் மாத முடிவில் பதினான்கு பக்க அறிக்கை வருகிறது. முதல் பக்கத்தில் பச்சை நிறம். ‘65 விழுக்காடு பணி முடிந்தது, 44 விழுக்காடு நிதி செலவானது’ என்று இருக்கிறது. ஆறு மாதத்துக்குத் திட்டமிட்டிருந்த பணி 60 விழுக்காடு. அப்படியானால் பணி முந்திக்கொண்டு போகிறது, பணமும் மிச்சமாகிறது என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

நான் முதலில் கேட்பது, அந்த 65 எப்படி வந்தது என்பதை. இந்த அறிக்கையில் அது செலவழித்த வேலை நேரத்தைத் திட்டமிட்ட மொத்த நேரத்தால் வகுத்து வந்த எண். அது எவ்வளவு உழைத்தார்கள் என்று சொல்கிறதே தவிர, எவ்வளவு முடித்தார்கள் என்று சொல்வதில்லை. திட்டத்தில் ஏறத்தாழ ஒரே அளவுள்ள 20 தொகுதிகள் இருக்கின்றன. பயனாளர் சோதித்து ஏற்றுக்கொண்டவை 9. ஆகவே முன்னேற்றம் 45 விழுக்காடு. ‘கிட்டத்தட்ட முடிந்துவிட்டது’ என்ற நிலையில் இன்னும் சில தொகுதிகள் இருக்கின்றன. அவற்றுக்கு நான் மதிப்பெண் தருவதில்லை. இது குழுவினருக்குக் கடுமையாகப் படும் என்பதை அறிவேன். ஆனால் 90 விழுக்காட்டுக்கு விரைந்து வந்துவிட்டு, அங்கேயே மாதக்கணக்கில் நிற்கும் தொகுதிகள் எந்தத் திட்டத்திலும் உண்டு. ஒரு தொகுதியே பல மாதம் நீளுமானால் மட்டும், தொடங்கியதும் பாதி, ஏற்கப்பட்டதும் மீதி என்று கணக்கிடுகிறேன்.

அடுத்து நிதி. இங்கே பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது தேதியை. பணியின் நிலவரம் ஆறாம் மாத முடிவுக்கானது. கணக்குப் பிரிவோ ஐந்தாம் மாதத்தோடு கணக்கை முடித்திருக்கிறது. 44 விழுக்காடு என்பது அதுவரை கொடுத்த பணம். ஆறாம் மாதத்தில் வேலை நடந்து, பணம் இன்னும் கொடுக்கப்படாத தொகை 10 விழுக்காடு. அதையும் சேர்த்தால் உண்மையான செலவு 54. இது தவிர, இனி நடக்கவிருக்கும் பணிக்காக ஒப்பந்தம் போட்டுக் கட்டுண்ட தொகை 16. இதைச் செலவோடு கூட்டக் கூடாது; ஆனால் மறைக்கவும் கூடாது. எஞ்சிய 46-இல் வழிகாட்டுக் குழு விரும்பியபடி திருப்பிவிடக்கூடியது 30 மட்டுமே என்பது முடிவெடுப்பவருக்குத் தெரிய வேண்டும்.

இப்போது இரண்டையும் அருகருகே வைக்கலாம். 45 பங்குப் பணிக்கு 54 பங்குப் பணம் போயிருக்கிறது. இதே வேகத்தில் போனால் முழுப் பணிக்கு 120 பங்கு தேவைப்படும். இந்த ஒரு வரிதான் பதினான்கு பக்கங்களில் எங்கும் இல்லாதது. இதை நான் முன்கணிப்பாக எழுதுவதில்லை, ‘இதே விகிதம் நீடித்தால்’ என்ற நிபந்தனையோடு எழுதுகிறேன். தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் வரும் கருவிச் செலவு, பயிற்சிச் செலவு ஆகியவை 54-க்குள் இருந்தால் 120 மிகைக் கணக்காகிவிடும். அப்படி ஏதேனும் உண்டா என்று திட்ட மேலாளரிடம் கேட்டு, பதிலை அதே வரியில் சேர்த்துவிடுவேன்.

இடர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அறிக்கையின் இடர்ப் பட்டியலில் ஏற்கெனவே நடந்துவிட்டவை பாதி இருக்கும். அவை சிக்கல்கள், அவற்றின் இடம் முன்னேற்றத் தலைப்பு. மீதமுள்ளவற்றில் தேதியையோ தொகையையோ அசைக்கக்கூடிய இரண்டு மூன்றை மட்டும் எடுத்து, காரணம், நிகழ்வு, விளைவு மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும்படி எழுதுகிறேன். ‘தரவின் தரம்: நடுத்தர இடர்’ என்பதை வைத்து எவரும் எதுவும் செய்ய முடியாது. ‘பழைய பதிவேடுகளில் ஒரே நபருக்கு இரண்டு எண்கள் இருப்பதால், சோதனை ஏற்றத்தில் பதிவுகள் இரட்டிப்பாகி, சரிபார்ப்பை மீண்டும் முதலிலிருந்து செய்ய நேரலாம்’ என்று எழுதினால், முன்கூட்டியே எண்களைச் சீராக்க ஆள் ஒதுக்குவதா என்ற கேள்வி தானாகவே எழுகிறது.

நான்காம் தலைப்புக்கான செய்தி அறிக்கையில் முடிவு என்ற பெயரில் இருப்பதில்லை. ‘காத்திருக்கிறோம்’, ‘பரிசீலனையில் உள்ளது’, ‘தெளிவு கிடைத்ததும் தொடரப்படும்’ போன்ற தொடர்களுக்குள் அது ஒளிந்திருக்கும். அதனால் இந்தத் தலைப்பை எழுதுவதற்காகவே அறிக்கையை இன்னொரு முறை முழுமையாகப் படிக்கிறேன். மேற்சொன்ன அறிக்கையின் பதினோராம் பக்கத்தில், ‘பத்து ஆண்டுகளுக்கு முற்பட்ட பதிவுகள் குறித்துப் பயனாளர் கருத்துக்குக் காத்திருக்கிறோம்’ என்றொரு வரி. அதைப் பிரித்தால் உள்ளே இருப்பது இதுதான்: பழைய பதிவுகளையும் புதிய அமைப்புக்கு மாற்றுவதா, அல்லது படிக்க மட்டும் முடிகிற ஆவணமாகத் தனியே விட்டுவிடுவதா? முடிவெடுக்க வேண்டியவர் வழிகாட்டுக் குழுவின் தலைவர். ஏழாம் மாத நடுவில் சோதனை ஏற்றம் தொடங்குவதற்குள் முடிவு வேண்டும். வராவிட்டால், திட்டக் குழு எல்லாவற்றையும் மாற்றும் பழைய திட்டப்படியே தொடரும். கூடுதல் செலவும் தொடரும்.

முடிவு வராவிட்டால் என்ன நடக்கும் என்ற இந்தக் கடைசிப் பகுதியை நான் ஒருபோதும் விடுவதில்லை. முடிவெடுக்காமல் இருப்பதும் ஏதோ ஒரு பாதையைத் தேர்ந்துவிடுகிறது. அந்தப் பாதை எது என்று எழுதிக் காட்டிய பிறகுதான் கூட்டங்களில் ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்பது குறைந்ததைக் கண்டேன். சென்ற மாதம் முடிவாகாதவற்றை, முதன்முதலில் கேட்ட தேதியோடு, பட்டியலின் மேலே வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஆள் எண்ணிக்கை மாறாமல் ஊதியம் மட்டுமே செலவாக இருக்கும் குழுக்களுக்கு இந்த வடிவம் அப்படியே பொருந்துவதில்லை. அங்கே செலவு நாட்காட்டியோடு சேர்ந்து நகர்கிறது. மாதம் என்ன என்று தெரிந்தால் செலவும் தெரிந்துவிடும். அத்தகைய அறிக்கைகளில் நிதித் தலைப்பின் கீழ், கையிலுள்ள பணம் இன்னும் எத்தனை மாதம் குழுவைத் தாங்கும், மிச்சமிருக்கும் பணி இப்போதைய வேகத்தில் எத்தனை மாதம் ஆகும் என்ற இரண்டு எண்களை மட்டும் எழுதுகிறேன்.