சாயம் போட்ட முடிக்குத் ‘தயிர் வெந்தயப் புரதச் சிகிச்சை’: பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

கடந்த ஜனவரியில், கணவரின் அண்ணன் மகள் திருமணத்திற்காக, கோத்தகிரியிலிருந்து குன்னூருக்குச் சென்று ஓர் அழகு நிலையத்தில் தலைமுடிக்குச் சாயம் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு அங்கேயே ‘இயற்கைச் சிகிச்சை’ என்ற பெயரில் தயிரையும் வெந்தயத்தையும் தலையில் பூசிக்கொள்ள 7,500 ரூபாய் கட்டினேன். நிலையத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர்கள் சொன்ன அதே வாக்கியங்களை ஊட்டியிலும் கோவையிலும் பலர் கேட்டிருப்பதாக இப்போது அறிகிறேன். ஆகவே எச்சரிக்கை அந்த வாக்கியங்களைப் பற்றியதாகவே இருக்கட்டும்.

நான் கேட்டது நரையை மறைக்கும் அடர்சிவப்பு நிறம். என் முடியில் முன்பே மூன்று முறை வீட்டில் போட்ட சாயம் இருந்தது. இப்படிப்பட்ட முடிக்கு, புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதியில் மட்டும் கலவையைப் பூசுவதும், நரைக்கு, சாயத்தோடு கலக்கும் டெவலப்பர் திரவத்தில் 6 சதவீதப் பெராக்சைடு உள்ளதைப் பயன்படுத்துவதும்தான் வழக்கமான முறை. அவர்களோ, நிறம் ‘எடுப்பாக’ விழ வேண்டும் என்று, 40 என்று எழுதிய பாட்டிலை, அதாவது 12 சதவீதப் பெராக்சைடை எடுத்து, வேரிலிருந்து நுனிவரை ஒரே சீராகப் பூசினார்கள். பாட்டிலை நான் கண்ணால் பார்த்தேன். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் குளித்தபோதே கோளாறு தெரிந்தது. காய்ந்த முடி தேங்காய் நார் போல் சொரசொரத்தது. நனைந்த முடியோ வெந்த சேமியாவைப் போல் விரலோடு நீண்டு, பிறகு அறுந்தது. திரும்பிச் சென்று காட்டியதும் அங்கிருந்த பெண் சற்றும் தயங்காமல், “அக்கா, கலர் போட்டா எல்லாருக்கும் வர்ற ட்ரைனஸ்தான் இது. தயிர், வெந்தயம், முட்டை வச்சு அஞ்சு சிட்டிங் புரோட்டீன் ட்ரீட்மென்ட் கொடுத்தா உடைஞ்ச முடி ஒட்டிடும், கலரும் லாக் ஆயிடும்” என்றார். ஒரு முறைக்கு 1,500 ரூபாய் வீதம் ஐந்து முறைக்கும் முன்பணமாகக் கட்டினேன். கெமிக்கலால் கெட்டதைச் சமையலறைப் பொருள் சரிசெய்யும் என்று சொன்னால் நம்பிவிடும் மனம் நம்மில் பலருக்கு உண்டு, எனக்கும் இருந்தது.

முதல் அமர்வு முடிந்தபோது முடி உண்மையிலேயே பட்டுப்போல் இருந்தது. ஆனால் அன்று நடந்தவற்றை வரிசையாக நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். தயிர்க் கலவையை 40 நிமிடம் வைத்துக் கழுவிய பிறகு, ஒரு சிறு குப்பியிலிருந்து இரண்டு அழுத்து சீரம் எடுத்து முடி முழுவதும் தடவினார்கள். பிறகு டிரையரால் உலர்த்தி, இஸ்திரி போடுவதுபோல் சூடான தகட்டால் நீவிவிட்டார்கள். அந்தப் பளபளப்பில் பெரும்பங்கு சீரத்தில் உள்ள சிலிக்கோனுடையது. வீட்டில் முதல் முறை ஷாம்பு போட்டுக் குளித்ததும் நார் மீண்டும் நாராகவே இருந்தது.

கோவையில் பதினைந்து ஆண்டுகளாக இதே தொழிலில் இருக்கும் என் நாத்தனாரிடம் தொலைபேசியில் புலம்பியபோது, அவர் ஒரு சோதனையைச் சொல்லிக்கொடுத்தார். “அண்ணி, அடுத்த தடவை போறதுக்கு முன்னாடி, ஈரமான முடி ஒண்ணை எடுத்து ரெண்டு விரல்ல பிடிச்சு மெதுவா இழுத்துப் பாருங்க. வந்த அப்புறமும் சீரம் போகக் குளிச்சிட்டு இழுத்துப் பாருங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா, காசு தண்ணியிலதான் போச்சு.” நல்ல முடி நனைந்திருக்கும்போது 10 சென்டிமீட்டர் என்பது 13 வரைகூட நீண்டு, விட்டதும் சுருங்கிப் பழைய அளவுக்கு வரும். பெராக்சைடால் உள்ளே பழுதான முடி திரும்பாது; இழுத்த இடத்தில் மெலிந்து, பிசுபிசுப்பாகி, அறுந்துவிடும். இரண்டாம் அமர்வுக்கு முன்னும் பின்னும் தலையின் வெவ்வேறு இடங்களிலிருந்து ஐந்தைந்து முடிகளை எடுத்துப் பார்த்தேன். முன்னால் ஐந்தில் நான்கு அறுந்தன. பின்னாலும் நான்கு அறுந்தன.

அது ஏன் என்பதை நாத்தனார் விளக்கிய விதத்திலேயே எழுதுகிறேன். நிரந்தரச் சாயத்தில் உள்ள அம்மோனியா போன்ற காரம் முடியின் மேற்செதில்களைத் தூக்கிவிடுகிறது. அந்த வழியே பெராக்சைடும் சாயத்தின் சிறு மூலக்கூறுகளும் உள்ளே செல்கின்றன. பெராக்சைடு உள்ளே இருக்கும் இயற்கை நிறத்தை வெளுக்கச் செய்வதோடு, கெரட்டின் புரதத்தைப் பின்னிப் பிடித்திருக்கும் கந்தகப் பிணைப்புகளில் ஒரு பகுதியையும் உடைத்துவிடுகிறது. செறிவு கூடக் கூட, ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் பூசப் பூச, இந்த இழப்பு கூடுகிறது. முடிக்கு மேல் மெல்லிய எண்ணெய்ப் போர்வைபோல் இருக்கும் இயற்கைப் படலமும் சேர்ந்து போய்விடுவதால் முடிக்கு முடி உரசிச் சிக்கு விழுகிறது. உடைந்த பிணைப்பைத் தயிர் ஒட்டவைக்க முடியாது. தயிரில் புரதம் இருப்பது உண்மைதான். ஆனால் அதன் பெரும்பகுதியான கேசீன், முடிக்குள் புகுந்து பழுதை அடைக்கும் அளவுக்குச் சிறியதும் அன்று, கெரட்டினாக மாறக்கூடியதும் அன்று. உயிரற்ற இழையான முடிக்கு அதைச் செரித்துத் தன்னுடலாக்கிக்கொள்ள வயிறும் இல்லை. முட்டைக்கும் இதே கதைதான். போதாக்குறைக்கு, மலைக்குளிரில் யாரும் வெந்நீரைத் தவிர வேறு நீரால் தலை கழுவ மாட்டோம் என்பதால், முட்டை முடியிலேயே அவிந்து வெள்ளைத் துணுக்குகளாக ஒட்டிக்கொண்டதை எடுக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆயிற்று.

தயிரை ஒரேயடியாக ஒதுக்கவும் கூடாது. சாயக் கலவை காரத்தன்மை உடையது, அதன் பிஎச் 9-க்கு மேல் இருக்கும். முடிக்கு உகந்தது 5-ஐ ஒட்டிய மென்மையான அமிலத்தன்மை. தயிரில் உள்ள லாக்டிக் அமிலம் எஞ்சிய காரத்தைத் தணித்து, தூக்கிய செதில்கள் படிய உதவுகிறது. அதன் கொழுப்பு சிறிது வழவழப்பைத் தருகிறது. இதற்குத் தயிர் மூன்று நாள் புளிக்க வேண்டும் என்று அழகு நிலையத்தில் சொன்னதும் தேவையற்ற பேச்சு. பால் தயிராக உறைவதே பிஎச் சுமார் 4.6-க்கு இறங்கும்போதுதான், உறைந்த தயிர் எதுவாக இருந்தாலும் தேவையான அமிலம் அதில் ஏற்கெனவே இருக்கிறது. வெந்தயத்தின் வேலை வேறு. ஊறியதும் வழவழவென்று வரும் அதன் பசை முடியின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து உரசலைக் குறைக்கிறது. சீப்பு தடையின்றி இறங்குகிறது, அதனால் ஏற்கெனவே நொய்ந்த முடி மேலும் அறுவது குறைகிறது. இரண்டும் மேற்பரப்பில் நடப்பவை, அடுத்த தலைக்குளியலோடு போய்விடுபவை. சாயப் பெட்டியிலேயே வரும் கண்டிஷனரும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது.

‘கலர் லாக்’ என்ற வாக்குறுதிதான் என்னை அதிகம் எரிச்சலூட்டியது. அமிலத்தால் செதில்கள் படிவதால் சாயம் வெளியேறுவது சிறிதளவு குறையலாம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. என் விஷயத்தில் நடந்தது நேர்மாறு. தயிரின் கொழுப்பும் வாடையும் போக ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை ஷாம்பு போட வேண்டியிருந்தது. சிவப்பு வகைச் சாயங்கள் பொதுவாகவே விரைவில் மங்குபவை, பழுதான முடியில் இன்னும் விரைவில் கழியும். இரண்டாம் அமர்வுக்குப் பிறகு என் வெள்ளைத் துண்டு இளஞ்சிவப்பாகிவிட்டது. தயிர் நிறத்தை எடுக்கவில்லை. தயிரை எடுக்கப் போட்ட ஷாம்பு எடுத்தது.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. சாயம் போட்ட அன்றே என் வலது காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் சிவந்து எரிந்தது. சாயம் போட்ட மூன்றாம் நாள் நடந்த அமர்வில் அந்த இடத்தின் மேலும் தயிரைப் பூசி, “குளிர்ச்சிதானே, ஆறிடும்” என்றார்கள். மறுநாள் அங்கே நீர் கோத்தது. தோல் மருத்துவர் அதைப் பார்த்ததும் ரசாயனத் தீப்புண் என்றார். தோல் உரிந்த இடத்தில் எந்த உணவுப் பொருளையும் வைக்கக் கூடாது என்று சொல்லிக் களிம்பு எழுதிக்கொடுத்தார். சாயம் போட்ட ஓரிரு நாளில் உச்சந்தலை முழுவதும் அரித்தாலோ, கண் இமையும் நெற்றியும் வீங்கினாலோ அது சாயத்தில் உள்ள பிபிடி என்ற பொருளுக்கான ஒவ்வாமையாக இருக்கலாம் என்றும், அந்த நிலையில் நல்ல நீரால் கழுவிவிட்டு மருத்துவரிடம் வர வேண்டும், வீக்கம் மூச்சுத் திணறலோடு வந்தால் நேரே மருத்துவமனைக்கே போக வேண்டும் என்றும் அவர் கூறினார். அதற்குத் தயிரோ கற்றாழையோ மருந்தாகாது. வேர்க்கடலை, கொண்டைக்கடலை ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்ளாது என்பதும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன்.

வீட்டில் இப்போது நான் செய்வதற்கு ஆகும் செலவு இருபது ரூபாய்கூட இல்லை. ஒரு மேசைக்கரண்டி வெந்தயத்தை இரவே ஊறவைக்கிறேன். கோத்தகிரிக் குளிரில் எட்டு மணி நேரம் போதவில்லை, அரைக்கும்போது கல்லாகவே நின்றது, ஆகவே வெதுவெதுப்பான நீரில் போட்டு மூடிவைக்கிறேன். ஊறிய நீரோடு விழுதாக அரைத்து, மெல்லிய துணியில் பிழிந்து, மூன்று மேசைக்கரண்டி கெட்டித் தயிரோடு கலக்கிறேன். வடிகட்டாமல் பூசினால் காய்ந்த தோல்துணுக்குகளைச் சிக்கிலிருந்து எடுப்பதிலேயே நொய்ந்த முடி இன்னும் கொஞ்சம் அறும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த தயிரை அப்படியே வைத்தால் எனக்குத் தலைபாரம் வந்துவிடுகிறது. முன்கூட்டியே வெளியே எடுத்து வைக்க வேண்டும். காதுக்குக் கீழே உள்ள முடியில் மட்டும், உச்சந்தலையில் படாமல், 20 நிமிடம் வைத்து, இளஞ்சூட்டு நீரில் அலசி, மென்மையான ஷாம்பு ஒரே ஒரு முறை. இரவு முழுவதும் வைப்பதால் கூடுதல் பயன் இல்லை. நீரில் நெடுநேரம் ஊறினால் பழுதான முடி உப்பி மேலும் நலிகிறது. எலுமிச்சைச் சாற்றையோ சமையல் சோடாவையோ இதில் சேர்க்க வேண்டாம்; முன்னது அளவுக்கு மீறிய அமிலம், பின்னது நாம் தணிக்க முயலும் காரம். முடிக்குள் ஓரளவேனும் புகுந்து, கழுவும்போது புரதம் கரைவதைக் குறைக்கும் சமையலறைப் பொருள் என்று நாத்தனார் ஒப்புக்கொண்டது தேங்காய் எண்ணெயை மட்டுமே, அதுவும் குளிப்பதற்கு முன் தடவினால்.

பணத்தைத் திரும்பக் கேட்கச் சென்றபோது ரசீதை எடுத்துப் பார்த்தேன். அதில் ‘ஹேர் ஸ்பா, 5’ என்று மட்டுமே இருந்தது. புரதம், ஒட்டுவது, லாக் என்ற எந்தச் சொல்லும் இல்லை. வாயால் சொன்ன வாக்குறுதியை ரசீதில் எழுதித் தரச் சொல்லியிருந்தால் அன்றே அவர்கள் தயங்கியிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. காதுக்குப் பின்னால் இருந்த புண்ணின் படத்தையும் மருத்துவர் சீட்டையும் காட்டி நெடுநேரம் வாதாடிய பிறகு, நடக்காத மூன்று அமர்வுகளுக்கான 4,500 ரூபாயைத் தந்தார்கள். சாயத்திற்கு வாங்கியதிலும் மருத்துவச் செலவிலும் ஒரு பைசா தரவில்லை. நுனியில் நான்கு அங்குலம் வெட்டியாயிற்று. மாதத்திற்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளரும் முடியில் இதுவரை ஐந்து சென்டிமீட்டர் நல்ல முடி வந்திருக்கிறது; அதற்குக் கீழே உள்ளதை இரண்டு மாதத்திற்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டு வருகிறேன்.