முகவரி பொருந்தவில்லையா, ஆர்டர் அடுத்தடுத்து வருகிறதா: திருடிய கார்டில் வரும் ஆர்டரைக் கண்டுபிடிக்க எதை நம்பலாம்?

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் தேனும் நேந்திரன் சிப்ஸும் இணையத்தில் விற்கும் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். பில் முகவரி துபாய், டெலிவரி முகவரி குழித்துறை. வேறு ஊரில் இது சந்தேகம் தரலாம். ஆனால் வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் நிறைய இருக்கும் இந்த மாவட்டத்தில், மகன் அம்மாவுக்கு அனுப்புவது இப்படித்தான் பதிவாகும். முகவரி வேறுபாட்டுக்காக மட்டுமே நிறுத்தினால் நல்ல வாடிக்கையாளர்தான் மாட்டுவார். புதிய கணக்கு, வழக்கத்தைவிடப் பெரிய தொகை ஆகியவையும் சேர்ந்தால் ஒரு போன் போட்டுக் கேட்கலாம், அவ்வளவுதான்.

அடுத்தடுத்த ஆர்டர் இதைவிட வலுவான அறிகுறி. ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்க்கக் கூடாது. பத்து நிமிடத்தில் ஒரே போன் எண்ணிலிருந்து ஆறு முயற்சிகள்: ஆறும் ஒரே கார்டு, ஒரே 840 ரூபாய் என்றால் ஓடிபி வராமல் திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறார். அதுவே ஐந்து வெவ்வேறு கார்டுகளில் 49 ரூபாய், நான்கு தோல்வி, ஐந்தாவது வெற்றி, உடனே அதே கார்டில் 6,000 ரூபாய் என்றால், திருடிய கார்டுகளில் எது வேலை செய்கிறது என்று சோதித்திருக்கிறார்கள். அந்தப் பெரிய ஆர்டரை அனுப்பாமல் நிறுத்துங்கள். ஆக, எண்ண வேண்டியது தனித்தனி கார்டுகளை. தோல்வியடைந்த முயற்சிகளையும் சேர்த்து.

திருடன் மணிக்கு ஒன்றாக, போன் எண்ணை மாற்றி மாற்றிப் போட்டால் இந்தக் கணக்கு தப்பவிடும். அப்போது முகவரி வேறு விதத்தில் கைகொடுக்கும்: ஒரு நாள் முழுவதையும் எடுத்து, டெலிவரி முகவரி வாரியாகக் கார்டுகளை எண்ணுங்கள். Kuzhithurai, Kulithurai என்று எழுத்து மாறும் என்பதால், பின்கோடும் வீட்டு எண்ணும் வைத்துச் சேர்ப்பதே சரி.