வியாசர்பாடி ஜிம்மில் வாங்கிய லேபிள் இல்லாத கிரியேட்டின்: என் மாமாவுக்கு நடந்தது

எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஜிம்மில் நானும் என் தாய்மாமாவும் ஜனவரியில் சேர்ந்தோம். மாமாவுக்கு 49 வயது, ஒன்பது வருடமாக சுகர். மாத்திரையோடு எடை தூக்கிப் பயிற்சியும் செய்தால் நல்லது என்று டாக்டரம்மா சொன்னதால்தான் வந்தார். சேர்ந்த அன்றே கோச்சிடம் சுகர் இருப்பதைச் சொல்லிவிட்டோம். "அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது அண்ணே, பவுடர் எடுத்தா சோர்வே இருக்காது" என்றார்.

கிரியேட்டின் என்பது எடை தூக்குகிறவர்கள் பலத்துக்காக எடுக்கும் பவுடர், மாஸ் கெய்னர் உடல் எடை கூட்டும் பவுடர். மாமாவுக்கு 300 கிராம் கிரியேட்டின் டப்பா ஒன்று 1,800 ரூபாய், மூன்று கிலோ மாஸ் கெய்னர் 3,200 ரூபாய். எனக்கும் ஒரு கிரியேட்டின் டப்பா. பில் கிடையாது. பணத்தைக் கோச்சின் சொந்த நம்பருக்கு ஜிபே பண்ணினோம். கிரியேட்டின் டப்பாவில் லேபிளைக் கிழித்துவிட்டு வெள்ளி நிற டேப் சுற்றியிருந்தார்கள். "வெளிநாட்டு மால், டேக்ஸ் இல்லாம வருது, அதான்" என்று காரணம் சொன்னார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

கிரியேட்டினைக் குடிக்கச் சொன்ன அளவு ஒரு நாளைக்கு நான்கு ஸ்கூப், மொத்தம் 20 கிராம். இதற்கு லோடிங் என்று பெயர். லோடிங் என்பது உண்மையிலேயே இருக்கிற முறைதான். ஆனால் ஐந்து முதல் ஏழு நாள் மட்டும், நான்கு வேளையாகப் பிரித்து எடுப்பது. அதற்குப் பிறகு 3 முதல் 5 கிராம் போதும். லோடிங்கே செய்யாமல் முதல் நாளிலிருந்து 3 கிராம் எடுத்தாலும் மூன்று நான்கு வாரத்தில் தசை அதே அளவுக்கு நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு எடுக்கும் கூடுதல் கிரியேட்டின் பெரும்பாலும் சிறுநீரில்தான் போகும்.

எங்கள் கோச் லோடிங்கை நிறுத்தவே விடவில்லை. "நிறுத்தினா ஏறினதெல்லாம் இறங்கிடும்" என்றார். கணக்கு போட்டுப் பாருங்கள்: 20 கிராம் வீதம் 300 கிராம் டப்பா 15 நாளில் காலி. 3 கிராம் வீதம் எடுத்தால் அதே டப்பா 100 நாள் வரும். மாமா ஒரே மாதத்தில் இரண்டாவது டப்பாவையும் முடித்தார். எனக்கு முதல் வாரத்திலேயே வயிற்றுப்போக்கு வந்து நிறுத்திவிட்டேன். அளவு கூடினால் கிரியேட்டின் இப்படிச் செய்யும்.

இரண்டாவது வாரம் கோச் மாமாவை எடை மெஷினில் ஏற்றி, "ஒன்றரைக் கிலோ மசில் ஏறியிருக்கு" என்று எல்லோரையும் கைதட்ட வைத்தார். இரண்டு வாரத்தில் அவ்வளவு தசை யாருக்கும் ஏறாது. கிரியேட்டின் தசைக்குள் தண்ணீரைச் சேர்த்து வைக்கும், ஆரம்பத்தில் ஒன்றிரண்டு கிலோ கூடுவது அதனால்தான். அது கெட்டதில்லை, ஆனால் மசில் என்று சொல்லி அடுத்த டப்பாவை விற்பது ஏமாற்று.

ஐந்தாவது வாரம் வழக்கமான ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றுச் சுகர் எப்போதும் 130 பக்கம் இருக்கும், அன்று 238. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய ரத்தத்தில் பார்க்கும் கிரியேட்டினின் என்ற கழிவு 1.0 இருந்தது 1.5 ஆகியிருந்தது. சிறுநீரகச் செயல்பாடு குறைவு என்று ரிப்போர்ட்டில் அச்சாகியிருந்தது. அத்தை அழுதுகொண்டே எனக்கு போன் பண்ணினார்கள்.

டாக்டரம்மா டப்பாக்களைக் கொண்டுவரச் சொன்னார்கள். சுகர் ஏன் ஏறியது என்பது மாஸ் கெய்னரைத் திருப்பியதுமே தெரிந்தது. முன்பக்கம் பெரிய எழுத்தில் "சர்க்கரை சேர்க்கப்படவில்லை". பின்பக்கம் முதல் பொருளே மால்டோடெக்ஸ்ட்ரின். அது மாவுச்சத்தை உடைத்து எடுக்கும் பொடி, ரத்தத்தில் குளுக்கோஸ் வேகத்திலேயே ஏறும். மாமா தினமும் குடித்த 100 கிராமில் சுமார் 75 கிராம் மாவுச்சத்து. சுகர் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டில் குடிக்கக் கொடுக்கும் குளுக்கோஸும் அதே 75 கிராம்தான். ஒரு மாதம், தினமும் அதைக் குடித்திருக்கிறார்.

கிரியேட்டினின் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. உடம்பில் கிரியேட்டின் தானாகவே கிரியேட்டினினாக மாறி சிறுநீரகம் வழியாக வெளியேறும். அதனால் கிரியேட்டின் சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் இந்த எண் கொஞ்சம் கூடித் தெரியலாம். நல்ல ஆரோக்கியம் உள்ள ஒருவருக்கு அது பெரும்பாலும் பொய்யான பயம். மாமாவுக்கு அப்படி விட்டுவிட முடியாது. அவருக்கு ஏற்கெனவே சிறுநீரில் கொஞ்சம் புரதம் கசிகிறது, சுகர் சிறுநீரகத்தைத் தொட ஆரம்பித்ததன் அறிகுறி அது. உண்மையான சேதமா, பவுடரால் வந்த எண்ணா என்று அந்த ஒரு டெஸ்டை வைத்துப் பிரிக்க முடியாது.

டாக்டரம்மா எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். உடம்பு வலிக்கு என்று கோச் கொடுத்திருந்த டைக்ளோஃபெனாக் மாத்திரையையும் சேர்த்து. சுகர், பிரஷர் உள்ளவர்களுக்குச் சிறுநீரகத்தை நேராகவே பாதிக்கக்கூடியது அந்த மாத்திரைதான். நான்கு வாரம் கழித்து மறுபடி டெஸ்ட். கூடவே சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனையும். அது தசையையோ கிரியேட்டினையோ சார்ந்திருக்காது, அதனால் இந்தக் குழப்பம் வராது. கிரியேட்டினின் 1.1க்கு இறங்கியது, சிஸ்டாட்டின் சியும் சரியாக இருந்தது. அந்த நான்கு வாரம் வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை.

கிரியேட்டினே விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. ஜிம் பவுடர்களில் இவ்வளவு ஆராய்ச்சிக்குப் பிறகும் நின்ற சில பெயர்களில் அதுவும் ஒன்று. கனமான எடையைச் சில நொடி தூக்கும் வேலைக்கு ஒன்றிரண்டு தடவை கூடுதலாகத் தூக்க உதவும், மாதக்கணக்கில் பயிற்சி செய்தால் அது தசையாகும். கொழுப்பைக் கரைக்காது. சாதாரண கிரியேட்டின் மோனோஹைட்ரேட் வகை போதும், அதைவிட விலை கூடிய வகைகள் மேலானவை என்று நிரூபணமாகவில்லை. வே புரோட்டீன் பாலிலிருந்து எடுத்த புரதம், அவ்வளவுதான், நான்கு முட்டையில் ஏறக்குறைய 24 கிராம் வந்துவிடும். புரதம் போதுமான அளவு சாப்பிடுகிறவருக்கு பிசிஏஏ என்ற அமினோ அமிலப் பவுடர் வீண் செலவு. கொழுப்பைக் கரைக்கும் என்று விற்கும் ஃபேட் பர்னர் பக்கம் போகவே வேண்டாம். இந்தியாவில் 2011இல் தடை செய்த சிபுட்ரமின் மருந்தை லேபிளில் சொல்லாமல் கலந்த எடைக்குறைப்புப் பொருட்கள் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன.

சிறுநீரக நோய் உள்ளவர்கள், ஒரே சிறுநீரகத்தோடு இருப்பவர்கள், சிறுநீரில் புரதம் கசிகிறவர்கள் கிரியேட்டினைத் தொடக்கூடாது. சுகர், பிரஷர் உள்ளவர்கள் டாக்டர் பார்த்துச் சொல்லாமல் எடுக்கக்கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் வேண்டாம். ஸ்கூல் பிள்ளைகளுக்கும் இந்த ஜிம்மில் விற்கிறார்கள், கண்ணால் பார்த்தேன். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குத் தயவுசெய்து வாங்கித் தராதீர்கள். கிரியேட்டின் எடுக்கிறவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு முன் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை foscos.fssai.gov.in தளத்தில் போட்டுப் பார்க்கலாம். எண் இருந்தும் டப்பாவில் இல்லாத நிறுவனத்தின் பெயரைக் காட்டினால் டப்பா போலியாக இருக்கலாம்.

கோச்சிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "திறந்த டப்பாவை எடுக்க மாட்டோம்" என்றார். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டோடு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறோம். எங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் எழுதியிருக்கிறேன். வெள்ளி டேப் சுற்றிய அந்த டப்பாவை நீங்களும் வாங்கியிருந்தால் குடிக்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். மூடி அப்படியே வைத்துக்கொண்டு நீங்களும் புகார் கொடுங்கள்.