துபாய்ல இருந்து அம்பைக்குப் பணம்: பேங்க், எக்ஸ்சேஞ்ச், யுஎஸ்டிடி மூணும் பாத்தாச்சு

துபாய்ல இருந்து அம்பாசமுத்திரத்துக்கு வருசக்கணக்கா பணம் அனுப்புதேன். புதுசா வர்ற பசங்க எல்லாரும் "ஃபீஸ் எவ்ளோண்ணே"ன்னுதான் கேக்காங்க, நான் அதைப் பெருசா பாக்கதில்ல, கடைசில அப்பா அக்கவுண்ட்ல எத்தன ரூவா விழுதுங்கதுதான் கணக்கு, ஏன்னா பாதிச் செலவு ரேட்டுக்குள்ளயே ஒளிஞ்சு கெடக்கும்.

மார்க்கெட்ல ஒரு திர்ஹாம் 23 ரூவான்னு வச்சுக்கோங்க. 2000 திர்ஹாமுக்கு 46,000 வரணும். எக்ஸ்சேஞ்ச் ஹவுஸ்காரன் 22.85 தருவான், ஃபீஸ் ஒரு 20 திர்ஹாம் எடுப்பான், வீட்டுக்குப் போறது 45,240 சொச்சம். 750 ரூவா போச்சு, ஆனா அக்கவுண்ட் நம்பரும் ஐஎஃப்எஸ்சியும் சரியா இருந்தா பெரும்பாலும் கொஞ்ச நேரத்துல ஏறிரும், பிசான நடவுக்கு அன்னைக்கே கூலி குடுக்கணும்னா இதான் வழி. ஃபீஸ் தொகைக்குத் தக்கன பெருசா மாறாதுங்கதால பிச்சுப் பிச்சு அனுப்பாதீங்க.

பேங்க்ல ஸ்விஃப்ட் போட்டா திர்ஹாம் டாலராகி டாலர் ரூவாவாகும், ரெண்டு எடத்துலயும் ரேட்ல கடி, நடுவுல உள்ள பேங்க் வேற கொஞ்சம் பிடிச்சுக்கிடுவான், சாதாரணமா ரெண்டு மூணு வேலை நாள். சில பேங்க் ஆப்லயே இந்தியாவுக்குன்னு தனி ரெமிட் வசதி இருக்கு, அது வேற, எக்ஸ்சேஞ்ச் மாதிரியே வேகமா போவும்.

இப்ப யுஎஸ்டிடி, டாலர் மதிப்புலயே ஓடுற க்ரிப்டோ காயின். டாலர் 3.6725 திர்ஹாம்னு கட்டிப்போட்ட ரேட்டு, அதே 2000 திர்ஹாமுக்கு காயின் 3.70க்கு வாங்குனா 540 கிடைக்கும், டிஆர்சி20 நெட்வொர்க்ல அனுப்ப ஒரு காயின் போட்டும், 539. மேல உள்ள ரேட்டுப்படி டாலர் 84.50 தான் வருது, ஆனா ஊர்ல பி2பில, அதாவது ஆப் வழியா ஆளுக்கு ஆள் நேரா விக்கதுல, 86க்குக் கூட வாங்குவான், 46,350 ஆச்சு, 1 சதவீதம் டிடிஎஸ் போனாலும் 45,890. எக்ஸ்சேஞ்சை விட 650 ரூவா கூட! டிடிஎஸ்ஸை ரிட்டர்ன் போட்டுத் திரும்பக் கேக்கலாம், லாபம் இருந்தா 30 சதவீத வரி தனி.

காயின் நிமிசத்துல போயிருது, அதை ரூவாவாக்குறதுலதான் வில்லங்கமே. நம்மகிட்ட வாங்குதவன் அனுப்புற ரூவா யார் ரூவான்னு நமக்குத் தெரியாது. என் சித்தப்பா மகன் காயினை வித்து சித்தப்பா அக்கவுண்ட்ல வாங்குன பணம் எவனோ ஏமாத்திச் சம்பாதிச்சது, வெளி மாநில சைபர் போலீஸ்ல கம்ப்ளைண்ட் ஆகி சித்தப்பா அக்கவுண்ட்டைப் பிடிச்சுட்டாங்க. ஆப்ல பேலன்ஸ் முழுசா காட்டுது, ஏடிஎம்ல எடுத்தா வரல, யுபிஐயும் போவல, பேங்க்ல போய்க் கேட்டா லியன் போட்டிருக்குங்காங்க. பென்சனும் அதே அக்கவுண்ட்லதான் வருது, அதுவும் சேந்து மாட்டிக்கிச்சு, சேட் ஸ்க்ரீன்ஷாட்டு, ஆர்டர் நம்பர்னு மெயில் போட்டு மெயில் போட்டு மாசங்கள் ஓடிட்டு.

அப்படியும் விப்பேன்னு சொல்லுதவங்க சம்பளம், பென்சன் வராத தனி அக்கவுண்ட் வச்சுக்கோங்க, வேற பேருல இருந்து பணம் வந்தா காயினை ரிலீஸ் பண்ணாதீங்க. வெளிநாட்டுச் சம்பாத்தியம் போடுற என்ஆர்இ அக்கவுண்ட் பக்கமே கொண்டு போவாதீங்க, உள்ளூர்க்காரன் போடுற ரூவாயை அதுல வரவு வைக்கக் கூடாது. நான் மாசச் செலவுக்கு எக்ஸ்சேஞ்ச்தான், டெபாசிட் போடுற மாதிரி பெரிய தொகைன்னா பேங்க்ல ரேட் கேட்டுப் பேசிட்டு அனுப்புதேன்.