“செக்டிஸ்க் போட்டா சரியாயிடும்க்கா” என்று சொல்லும் கடையில் ஹார்ட் டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள்

2013-ல் வாங்கிய ஒரு டெராபைட் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணம், மகளின் முதல் மூன்று வருடம், வாட்ஸப்பில் வந்து பழைய போன்களிலிருந்து இறக்கி வைத்தவை என எல்லாம் அந்த ஒன்றில்தான். இன்னொரு பிரதி எங்கேயும் கிடையாது. அந்தத் தப்பு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மேல் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் தெரிந்த அறிகுறி ரொம்பச் சாதாரணம். ஃபோல்டரைத் திறந்தால் மேலே பச்சைக்கோடு நகராமல் நிற்கும், அரை நிமிடம் கழித்துப் படங்கள் வரும். லேப்டாப்தான் பழசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். அடுத்து, ஒரு போட்டோவில் அப்பாவின் நெற்றி வரைக்கும் சரியாக இருந்தது, கீழே முழுக்கச் சாம்பல் பட்டை. பக்கத்துப் படம் நன்றாகத் திறந்ததால் அதையும் விட்டேன். பிறகு, கேபிளை யாரும் தொடாமலே யூஎஸ்பி கழன்றால் வரும் சத்தம் வந்து டிரைவ் மறைந்து, தானே திரும்பி வந்தது. கேபிள் மாற்றிப் பார்த்தேன், லேப்டாப்பின் வேறு பக்கத்தில் சொருகிப் பார்த்தேன். கேபிள் கோளாறாக இருந்திருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கும். தீரவில்லை.

அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். நான் செய்தது, எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து காப்பி போட்டது. சில நிமிடத்தில் வேகம் கிலோபைட்டுக்கு இறங்கி, `The request could not be performed because of an I/O device error.` என்று வந்தது. ‘Try Again’ அழுத்தினேன். எத்தனை தடவை என்று கேட்காதீர்கள்.

பெங்களூரில் இருக்கும் சித்தி பையனுக்கு மெசேஜ் போட்டுவிட்டு, அவன் முன்பு ஒருமுறை சொல்லியிருந்த கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். மஞ்சளில் `Caution`. `C5` என்ற வரியில், Current Pending Sector Count, `000000000118` என்று இருந்தது. 118 என்று படித்துக்கொண்டேன். அது பதினாறடிமான எண், நம் கணக்கில் 280. அதாவது, 280 இடங்களை டிஸ்க்கால் படிக்க முடியவில்லை, என்ன செய்வது என்று அதுவே முடிவெடுக்காமல் வைத்திருக்கிறது. இந்த எண் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒரு வாரத்தில் ஏறினால் டிஸ்க் சாய்கிறது என்று அர்த்தம். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். தம்பி ஊரில் இல்லை, பதில் வரவில்லை. பொறுமை இல்லாமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உள்ள சர்வீஸ் கடைக்குப் போனேன்.

கடைப் பையன் சொருகிப் பார்த்துவிட்டு, “செக்டிஸ்க் போட்டா சரியாயிடும்க்கா, நாளைக்கு வாங்க” என்றான். மறுநாள் 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு டிஸ்க்கைக் கையில் கொடுத்தான். வீட்டில் திறந்தால் அறுபதாம் கல்யாண ஃபோல்டரே இல்லை. பதிலுக்கு `found.000` என்று ஒன்று, உள்ளே `FILE0000.CHK`, `FILE0001.CHK` என்று வரிசையாக. கேட்டதற்கு, “டிஸ்க் போயிடுச்சுக்கா, நாங்க என்ன பண்றது” என்றான். அன்று இரவுதான் தம்பியின் பதில் வந்தது: “அக்கா, அதுல கையே வைக்காதீங்க.”

கடைப் பையன் ஓட்டியது இதுதான் என்று ரசீதிலேயே எழுதியிருந்தது:

```
chkdsk E: /f /r
```

இதுதான் செக்டிஸ்க், விண்டோஸோடு வரும் கட்டளை. ஃபைல்களைக் காப்பாற்றுவது இதன் வேலை இல்லை. டிரைவின் கணக்குப் புத்தகத்தை ஒழுங்குபடுத்தும் கட்டளை. கணக்கில் ஒட்டாத பதிவை வெட்டும், பெயரில்லாத துண்டை `found.000`-க்குள் தள்ளும், அதையும் உங்கள் டிஸ்க்கின் மேலேயே எழுதும். `/r` போட்டால் டிஸ்க் முழுவதையும் படிக்கும். கெட்ட இடம் வரும்போதெல்லாம் டிஸ்க் திரும்பத் திரும்ப முயன்று தேயும். நல்ல டிஸ்க்கில் கரண்ட் போய் ஃபைல் குழம்பியிருந்தால் பயன்படும். சாகும் டிஸ்க்கில் ராத்திரி முழுக்க ஓட்டினால், மூச்சு வாங்குகிறவரை மாடிப்படி ஏற்றின மாதிரி. கடையிலிருந்து வந்த பிறகு C5 `0000000006A4`. அதாவது 1,700.

தம்பி வந்ததும் முதலில் செய்தது டிஸ்க்கைக் காதில் வைத்துக் கேட்டதுதான். சீரான இரைச்சல் இருந்தது. “டக்… டக்… டக்னு ஒரே தாளத்துல அடிச்சா, படிக்கிற தலை போயிடுச்சுனு அர்த்தம். அப்ப வீட்ல ஒண்ணுமே பண்ணக் கூடாது, கேபிளைப் பிடுங்கிட்டு, தூசி இல்லாத கிளீன் ரூம் இருக்கிற லேபுக்குத்தான் போகணும்” என்றான். மூடியைத் திறந்து பார்க்கிறேன் என்று எந்தக் கடையாவது சொன்னால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அந்தத் தலை தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத தூசியே அதற்குப் பாறை.

எங்களுடையது இன்னும் படித்தது. அதனால் விண்டோஸில் சொருகவே இல்லை. விண்டோஸ் தானாக ஃபோல்டர்களைத் துழாவும், சின்னப் படங்கள் காட்டுவதற்காக ஒவ்வொரு ஃபைலையும் தொடும். பென் டிரைவிலிருந்து லினக்ஸ் ஏற்றி, புதிதாக வாங்கிய 2 டெராபைட் டிஸ்க்கில் பழையதை ddrescue என்ற மென்பொருளால் அப்படியே ஒரே ஃபைலாகப் படியெடுத்தான்.

```
lsblk
sudo ddrescue -d -n /dev/sdb /mnt/pudhu/photo.img /mnt/pudhu/photo.map
sudo ddrescue -d -r3 /dev/sdb /mnt/pudhu/photo.img /mnt/pudhu/photo.map
```

`lsblk` எது பழையது எது புதியது என்று அளவை வைத்துக் காட்டும். இதை இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள், மூலமும் இலக்கும் இடம் மாறினால் இருப்பதும் அழியும். நடு வரி சுலபமாகப் படிக்கக் கிடைப்பதை எல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும், அடம்பிடிக்கும் இடத்தைத் தாண்டிப் போகும். கடைசி வரிதான் விட்டுப்போனதற்குத் திரும்பி வந்து மூன்று தடவை முயலும். எது கிடைத்தது, எது பாக்கி என்பது `photo.map`-ல் இருப்பதால் நடுவில் நின்றாலும் அதே கட்டளையைப் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். நான் பைத்தியக்காரத்தனமாக ‘Try Again’ அழுத்தியதற்கு நேர் எதிரான வேலை.

முதல் சுற்று 14 மணி நேரம், 98.9 சதவீதம். இரண்டாவது சுற்றில் விடிகாலை அந்த டக்… டக்… ஆரம்பித்தது. தம்பி தூக்கத்திலிருந்து எழுந்து வந்து கேபிளைப் பிடுங்கினான்.

பிறகு எல்லா வேலையும் அந்தப் படியின் மேல்தான். செக்டிஸ்க் பெயரைத் தின்றுவிட்ட ஃபோல்டர்களுக்கு போட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டினோம். அது படங்களை உள்ளடக்கத்தை வைத்துக் கண்டுபிடிக்கும், ஆனால் பெயரும் ஃபோல்டரும் திரும்பாது. கேமராவில் எடுத்தவற்றுக்குள் எடுத்த தேதி பதிந்திருந்ததால் வருடவாரியாகப் பிரிக்க முடிந்தது. வாட்ஸப் படங்களில் அந்தத் தேதி இருக்காது, அவை ஒரே குவியல். இன்னும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், கொடுக்கும் முன் ஒன்று கேளுங்கள்: “முதலில் படியெடுத்துவிட்டு அதில் வேலை செய்வீர்களா, இல்லை என் டிஸ்க்கிலேயேவா?” இரண்டாவது பதில் என்றால் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். கொடுப்பதாக இருந்தால் “இந்த டிஸ்க்கில் எதுவும் எழுதக் கூடாது, ஃபார்மட், செக்டிஸ்க் கூடாது” என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். என் ரசீதில் இருந்தது “HDD சர்வீஸ் – chkdsk /f /r – 2,500” மட்டும்தான். அதற்குக் கீழே பொடி எழுத்தில், டேட்டாவுக்குக் கடை பொறுப்பல்ல.

அறுபதாம் கல்யாணத்தில் மாங்கல்யம் கட்டும் படம் கிடைத்தது. கை வரைக்கும். கீழே அதே சாம்பல் பட்டை. மீதி அந்த 1.1 சதவீதத்தில் இருக்கலாம் என்று டிஸ்க்கை பீரோவில் வைத்திருக்கிறேன், மேலே டேப் ஒட்டி “சொருகாதே” என்று எழுதி. லேபுக்குக் காசு சேர்ந்ததும் பார்க்க வேண்டும்.